நன்றிக் கடிதத்தில் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் கலந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பழைய மாணவர் சங்கம் சார்பா எல்லாருக்கும் நன்றிக் கடிதம் அடிக்கணும். எழுதிட்டேன். ஆனா படிச்சா ஏதோ ஒட்டல. எங்க தப்புன்னு தெரியல. இதோ வரைவு:”

> அன்புடையீர், வணக்கம். நம்ம ஊர் பள்ளியில் நூலக அறை கட்டுறதுக்கு நீங்க செஞ்ச உதவியை என்றும் மறக்க மாட்டோம். போன வருஷம் மழைல பழைய கூரை ஒழுகி புத்தகங்கள் எல்லாம் நனைஞ்சு போச்சு என்பதை தாங்கள் அறிவீர்கள். அப்போ தலைமையாசிரியர் நம்மகிட்ட வந்து சொன்னாங்க. உடனே நீங்கள் எல்லாரும் கைகொடுத்தீங்க. பெங்களூர்ல இருக்கிற 1998 பேட்ச் நண்பர்கள் அலமாரிகள் வாங்கித் தந்தாங்க. கொத்தனார் ராத்திரியும் நின்று வேலையை முடித்துக் கொடுத்தார். இப்போ பிள்ளைகள் மதிய இடைவேளைல அங்கேயே உக்காந்து படிக்கிறார்கள். இன்னும் ரெண்டு மின்விசிறி மாட்டணும், அதையும் விரைவில் செய்து முடிப்போம்னு நம்புகிறோம். தங்களின் பேராதரவிற்கு எங்களது இதயங்கனிந்த நன்றிகளை காணிக்கையாக்குகிறோம்.

இதில் இரண்டு தமிழ் இல்லை, மூன்று தமிழ் இருக்கிறது. “நீங்க செஞ்ச”, “நனைஞ்சு போச்சு” வீட்டுத் திண்ணையில் பேசுவது. “முடித்துக் கொடுத்தார்”, “படிக்கிறார்கள்” செய்தித்தாளிலும் கடிதத்திலும் எழுதுவது. “தாங்கள் அறிவீர்கள்”, “நன்றிகளைக் காணிக்கையாக்குகிறோம்” மேடையிலும் அழைப்பிதழிலும் வருவது. ஒரே வாக்கியத்தில் “நனைஞ்சு போச்சு என்பதை தாங்கள் அறிவீர்கள்” என்று திண்ணையிலிருந்து நேராக மேடைக்கு ஏறும்போதுதான் படிப்பவருக்கு இடறுகிறது.

நன்றிக் கடிதங்களில் இப்படி நேர்வதற்குக் காரணம் எளிது. தொடக்கமும் முடிவும் யாரோ எழுதிய பழைய கடிதத்திலிருந்து வருகின்றன. நடுவில் உள்ளது, நடந்ததைச் சொல்லும் பகுதி, கைபேசியில் பேசித் தட்டச்சானதாகவோ குழுவில் போட்ட செய்தியிலிருந்து ஒட்டியதாகவோ இருக்கிறது. மேலே உள்ள வரைவைப் பாருங்கள்: முதல் இரு சொல்லும் கடைசி வாக்கியமும் அச்சகத்தார் கொடுத்தவைபோல் இருக்கின்றன, இடையில் இருப்பது ஒரு மனிதர் பேசியது.

“சரி, எந்தத் தமிழை வெச்சுக்கறது?”

கடிதம் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. அச்சடித்து அஞ்சலில் அனுப்பப் போகிறீர்கள். அறுபது வயதுக்காரரும் படிப்பார், பள்ளிச் சுவரிலும் ஒட்டுவார்கள். அதற்கு நடுவில் உள்ள தமிழ், அதாவது எளிய எழுத்துத் தமிழ், போதும். முடிவெடுத்தபின் மேடைத் தமிழையும் அதே கண்டிப்போடு வெளியேற்ற வேண்டும். பலர் பேச்சை மட்டும் குற்றவாளியாக்கித் திருத்திவிட்டு “காணிக்கையாக்குகிறோம்” என்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நடுப்பகுதி எளிய எழுத்துத் தமிழுக்கு வந்த பிறகும் அந்தக் கடைசி வரி தனியாகத்தான் நிற்கும்.

“எங்கிருந்து ஆரம்பிக்கணும்? முதல் வரியிலிருந்து ஒவ்வொண்ணா மாத்திட்டு வரவா?”

வேண்டாம். முதல் வரியிலிருந்து போனால் நீங்கள் சொற்களை மாற்றத் தொடங்குவீர்கள். “வருஷம்” சரியா “ஆண்டு” சரியா என்று அங்கேயே நின்றுவிடுவீர்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். தமிழில் நடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முற்றுவினை. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் வாக்கியம் முழுவதும் காதில் விழும்.

ஒரு தாளில் கடைசிச் சொற்களை மட்டும் கீழ்க்கீழாக எழுதிப் பாருங்கள். இந்த வரைவில் கிடைப்பவை: மாட்டோம், அறிவீர்கள், சொன்னாங்க, கைகொடுத்தீங்க, தந்தாங்க, கொடுத்தார், படிக்கிறார்கள், நம்புகிறோம், காணிக்கையாக்குகிறோம். ஒன்பதில் மூன்று பேச்சு, இரண்டு மேடை. “மாட்டோம்” பேச்சுக்கும் எழுத்துக்கும் பொதுவானது. அதைத் தொட வேண்டாம். மிச்சம் மூன்றும் ஏற்கெனவே நடுவில் நிற்கின்றன. அதாவது எழுதியவரின் கை இயல்பாகவே எளிய எழுத்துத் தமிழை நோக்கித்தான் போயிருக்கிறது. திருத்துவதற்கு நீங்கள் பயந்த அளவு இல்லை.

கடைசிச் சொற்களை முடித்தபின் வாக்கியத்துக்கு உள்ளே இருக்கும் வினைகள்: செஞ்ச, நனைஞ்சு போச்சு, உக்காந்து, மாட்டணும். பிறகு வேற்றுமை உருபுகள்: மழைல, நம்மகிட்ட, கட்டுறதுக்கு. அதன்பின் நீ, நான், நாம் முதலிய மூவிடப்பெயர்கள். தனிச்சொற்கள் அதற்கும் பிறகு. ஒற்று கடைசியில். ஒற்றை முதலில் சரிபார்த்தால் சொல் மாறும்போது மறுபடியும் சரிபார்க்க வேண்டி வரும்.

“-ஆங்க வந்தா -ஆர்கள்னு போட்டுட்டா போதும்தானே?”

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பேச்சில் “-ஆங்க” இரண்டு வேலை செய்கிறது. பலர் வந்தாலும் “வந்தாங்க”. ஒரே ஒருவர், மரியாதைக்குரியவர், வந்தாலும் “வந்தாங்க”. குறிப்பாகப் பெண்களை மரியாதையோடு சொல்லும்போது பேச்சில் பெரும்பாலும் இதுதான்: “டீச்சர் வந்தாங்க”, “அம்மா சொன்னாங்க”. ஆண் என்றால் “சார் வந்தாரு” என்றும் சொல்வோம். எழுத்தில் ஒருவருக்கான மரியாதை “-ஆர்”, பலருக்கு “-ஆர்கள்”. ஆசிரியர் பெண்ணாக இருந்தாலும் “வந்தார்” தான்.

வரைவில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. “தலைமையாசிரியர் நம்மகிட்ட வந்து சொன்னாங்க” என்பதில் சொன்னவர் ஒருவர். அது “சொன்னார்” ஆக வேண்டும். “நண்பர்கள் அலமாரிகள் வாங்கித் தந்தாங்க” என்பதில் தந்தவர்கள் பலர்; அது “தந்தார்கள்”. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் “-ஆர்கள்” ஆக்கினால் “தலைமையாசிரியர் சொன்னார்கள்” என்று வந்து நிற்கும். சில வட்டாரங்களில், சில வீடுகளில் ஒருவரைக் குறித்தே மரியாதைக்காக “சொன்னார்கள்” என்று எழுதுவது உண்டு; அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி எழுதினால் கொத்தனாரும் “முடித்துக் கொடுத்தார்கள்” ஆக வேண்டும். தலைமையாசிரியருக்கு ஒரு மரியாதை, கொத்தனாருக்கு அதைவிடக் குறைந்த மரியாதை என்று நன்றிக் கடிதத்தில் தெரிந்துவிடக் கூடாது. இருவருக்கும் “-ஆர்” போடுவதே நல்லது.

“அவங்க” என்ற சொல்லுக்கும் இதே கேள்விதான்: அவரா, அவர்களா? எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

“செஞ்ச, நனைஞ்சு, முடிச்சு... இதையெல்லாம் எப்படி ஞாபகம் வெச்சு மாத்தறது?”

மனப்பாடம் செய்ய வேண்டாம், ஓர் ஒழுங்கு இருக்கிறது. இ, ஐ, ய் இவற்றுக்குப் பின்னால் வரும் “ந்த்”, “த்த்” பேச்சில் “ஞ்ச்”, “ச்ச்” ஆகிவிடும். நனைந்து நனைஞ்சு ஆகிறது; தெரிந்த தெரிஞ்ச ஆகிறது; படித்து படிச்சு; வைத்து வெச்சு; செய்து செஞ்சு. திரும்பிப் போக வேண்டுமென்றால் “ஞ்ச” இருக்கும் இடத்தில் “ந்த”, “ச்ச” இருக்கும் இடத்தில் “த்த” போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக வந்துவிடும். “செஞ்ச” மட்டும் “செய்த” ஆகும். “நடந்து”, “கொடுத்து” போன்றவற்றில் முன்னால் இ, ஐ இல்லாததால் அவை பேச்சிலும் மாறாமல் இருக்கின்றன. அதனால்தான் நம் வரைவில் “கொடுத்தார்” தப்பித்தது.

“போச்சு” கொஞ்சம் சங்கடமானது. பேச்சில் ஒன்றானாலும் பலவானாலும் “போச்சு”: “புத்தகம் நனைஞ்சு போச்சு”, “புத்தகங்கள் எல்லாம் நனைஞ்சு போச்சு”. எழுத்தில் அஃறிணையிலும் ஒருமை பன்மை பார்க்க வேண்டும். புத்தகம் நனைந்துபோயிற்று அல்லது நனைந்துபோனது, புத்தகங்கள் நனைந்துபோயின. பேச்சிலிருந்து மாற்றியவர்களின் கடிதத்தில் “புத்தகங்கள் நனைந்துபோனது”, “நாற்காலிகள் வந்தது” என்று எஞ்சிவிடுவதைப் பார்க்கலாம். சொல்லின் உருவம் எழுத்துத் தமிழாகிவிடும், இலக்கணம் பேச்சாகவே இருக்கும். எழுத்துப் பிழை தேடும் கண்ணுக்கு இது தட்டுப்படாது.

இதற்கு ஒரு வசதியான வழி உண்டு. “நனைந்துபோனது உங்களுக்குத் தெரியும்” என்று எழுதினால் “நனைந்துபோனது” இங்கே முற்றுவினை அல்ல; நனைந்துபோன செய்தி என்ற பொருளில் பெயராக நிற்கிறது. அப்போது பன்மை பார்க்கத் தேவையில்லை. “என்பதைத் தாங்கள் அறிவீர்கள்” என்ற மேடைத் தொடரும் தானாகவே கழன்றுவிடுகிறது.

“கட்டுறதுக்கு சரியா, கட்டுவதற்கு சரியா? வீட்டுக்குன்னு எழுதினா தப்பா?”

“கட்டுறதுக்கு” பேச்சு, “கட்டுவதற்கு” எழுத்து. “அது”, “இது”, “செய்தது” போல “து”வில் முடிபவை “கு” ஏற்கும்போது எழுத்தில் “-தற்கு” ஆகும்: அதற்கு, இதற்கு, செய்ததற்கு. “செய்ததுக்கு” என்பது பாதி வழியில் நின்றுவிட்ட வடிவம். நன்றிக் கடிதங்களில் “உதவி செய்ததுக்கு நன்றி” என்று நிறைய வரும். “செய்ததற்கு” ஆக்குங்கள்.

“வீட்டுக்கு”, “ஊருக்கு”, “விழாவுக்கு” எழுத்துத் தமிழிலும் முழுக்கச் சரியானவை. “வீட்டிற்கு”, “விழாவிற்கு” என்று எழுதினால்தான் எழுத்துத் தமிழ் என்று நினைப்பது வீண் கவலை. இரண்டில் ஒன்றைக் கடிதம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள்.

“நம்ம, எங்க, நாங்க எல்லாம் எப்படி மாத்தணும்?”

பேச்சில் “நம்ம” தாராளமாகப் புழங்கும். “நம்மகிட்ட வந்து சொன்னாங்க” என்றால் எங்களிடம் வந்து சொன்னார் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் “நாம்” படிப்பவரையும் உள்ளே சேர்க்கும்; “நாங்கள்” அவரை வெளியே நிறுத்தும். நன்றிக் கடிதத்தில் இது முக்கியம், ஏனென்றால் நன்றி சொல்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம்.

பள்ளி இருவருக்கும் பொது, ஆகவே “நம் ஊர்ப் பள்ளி”. தலைமையாசிரியர் வந்தது சங்கப் பொறுப்பாளர்களிடம், ஆகவே “எங்களிடம்”. நன்றி சொல்வதும் நாங்கள்தான், ஆகவே “எங்கள் நன்றி”. “நம் மனமார்ந்த நன்றி” என்று எழுதினால், நன்றி பெறுபவரும் சேர்ந்து தனக்கே நன்றி சொல்லிக்கொள்வதாகிவிடும். “எங்களது”, “எங்களுடைய” இரண்டும் தவறில்லை. “எங்கள்” இருக்கும்போது தேவையும் இல்லை.

“நீங்கள் போடறதா, தாங்கள் போடறதா? பெரியவங்க படிப்பாங்க.”

“நீங்கள்” மரியாதைக் குறைவு இல்லை. “தாங்கள்” போட்டால் கடைசி வரை “தாங்கள், தங்கள், தங்களுக்கு” என்றே போக வேண்டும். வரைவில் “நீங்க”, “தாங்கள்”, “நீங்கள்”, “தங்களின்” என்று நான்கும் வருகின்றன.

இன்னொரு தொல்லை: “தாங்கள்” முன்னிலைக்கு மட்டும் உரியதல்ல. “நண்பர்கள் தங்கள் ஊரிலிருந்து அலமாரிகளை அனுப்பினார்கள்” என்றால் யார் ஊர்? நண்பர்களின் ஊரா, படிப்பவரின் ஊரா? பலருக்குப் பொதுவாக அனுப்பும் கடிதத்தில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். “நீங்கள், உங்கள்” என்று வைத்துக்கொண்டால் “தங்கள்” நண்பர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும். ஒரே ஒரு பெரியவருக்குத் தனிக்கடிதம் என்றால், மடாதிபதி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று, “தாங்கள்” போடுங்கள். அங்கே அது பொருந்தும்.

“கம்ப்யூட்டர்ல ‘கண்டுபிடி, மாற்று’ போட்டு ஒரே அடியா மாத்திடலாமா?”

கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். “அனைத்தையும் மாற்று” பொத்தானைத் தொடாதீர்கள். “நீங்க” என்பதை “நீங்கள்” என்று மாற்றச் சொன்னால், ஏற்கெனவே சரியாக இருக்கும் “நீங்கள்” என்ற சொல்லுக்குள்ளும் அது “நீங்க” என்பதைக் கண்டுபிடித்து “நீங்கள்ள்” ஆக்கிவிடும். “குறை நீங்க” என்ற இடத்தில் “குறை நீங்கள்” என்று வரும். “வாங்க” என்பது “வாருங்கள்” ஆனால் “அலமாரி வாங்கப் பணம் தந்தார்” என்ன ஆகுமென்று யோசித்துப் பாருங்கள். “எங்க” என்பது எங்கள், எங்கே இரண்டுக்கும் பேச்சு வடிவம்.

தேடிப் பார்க்கத் தகுந்த துண்டுகள் சில உண்டு: “ங்க”, “ன்னு”, “ம்னு”, “ணும்”, “கிட்ட”, “ஞ்ச”, “ச்சு”, “ல ” (பின்னால் ஓர் இடைவெளியோடு). ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். “ஞ்ச” தேடினால் “நெஞ்சம்” வரும், “ச்சு” தேடினால் “அச்சு” வரும், தாண்டிப் போங்கள். “ல ” தேடும்போது இரண்டு வகை மாட்டும். “மழைல” என்பது “மழையில்”; “வரல”, “முடியல” என்பவை “வரவில்லை”, “முடியவில்லை”. முன்னது உருபு, பின்னது எதிர்மறை.

“எழுத்துத் தமிழ்ல மாத்தினா கடிதம் விறைப்பா ஆயிடுது. பேசற மாதிரி இருந்தப்ப இருந்த பாசம் போயிடுதே?”

போவது பாசம் அல்ல, பெரும்பாலும் விவரம். மாற்றுகிறவர்கள் வினை முடிவை மாற்றுவதோடு நிற்பதில்லை. “கொத்தனார் ராத்திரியும் நின்று” என்று இருந்ததை “இரவு பகல் பாராது அயராது உழைத்து” ஆக்குகிறார்கள். கொத்தனார் மறைந்து, எந்தக் கடிதத்திலும் ஒட்டக்கூடிய ஒரு தொடர் மிஞ்சுகிறது. எழுதியவரைக் கேட்டபோது, மின்சாரம் இல்லாத அந்த அறையில் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து பல்பு போட்டுக்கொண்டு பூசினார் என்று சொன்னார். “பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் பூசி முடித்துக் கொடுத்தார்” என்பதும் எழுத்துத் தமிழ்தான். விறைப்பு எங்கே இருக்கிறது?

பேச்சை அப்படியே வைத்துக்கொள்ளவும் ஓர் இடம் இருக்கிறது: மேற்கோள் குறிக்குள். தலைமையாசிரியர் வந்து சொன்னார் என்று வரைவு சொல்கிறது. என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது: “பிள்ளைங்க புத்தகத்தை வெயில்ல காய வெச்சுட்டு காவல் உக்காந்திருக்காங்க.” இதை எழுத்துத் தமிழாக்க வேண்டியதில்லை, ஆக்கவும் கூடாது. வெளியே “என்று சொன்னார்” என்று முடிந்தால் போதும், கடிதத்தின் நடை கலையாது. கடிதம் முழுவதும் பேச்சு சிதறிக் கிடந்தபோது இந்த ஒரு வாக்கியத்துக்குத் தனி மதிப்பு இருந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை: மேற்கோள் ஒன்றிரண்டு போதும். நாலைந்து ஆனால் நாடகமாகிவிடும்.

“வருஷம், பேட்ச், ரொம்ப, ரெண்டு... இந்தச் சொற்களையும் மாத்தணுமா?”

வினைகளும் உருபுகளும் சரியாகிவிட்டால் சொற்களில் நிறையத் தளர்வு உண்டு. “ரெண்டு” உச்சரிப்பு வடிவம், “இரண்டு” ஆக்குங்கள். “உக்காந்து” அப்படித்தான், “உட்கார்ந்து”. “ராத்திரி”, “இப்போ” இவற்றுக்கு “இரவு”, “இப்போது”. “வருஷம்” பல எழுத்தாளர்கள் எழுதும் சொல்தான். பள்ளிச் சுவரில் ஒட்டும் கடிதம் என்பதால் “ஆண்டு” என்று மாற்றலாம், மாற்றாவிட்டாலும் குடி முழுகிவிடாது. “ரொம்ப” வந்தால் “மிகவும்” போடுவதைவிட எடுத்துவிடுவது பெரும்பாலும் நல்லது.

“பேட்ச்” இருக்கட்டும். கடன்சொல் இருப்பதால் ஒரு வாக்கியம் பேச்சு ஆகிவிடாது. “1998 பேட்ச் நண்பர்கள் வாங்கித் தந்தார்கள்” தெளிவான எழுத்துத் தமிழ் வாக்கியம். அதை “1998ஆம் கல்வியாண்டில் பயின்று வெளியேறிய முன்னாள் மாணவ நண்பர்கள்” என்று நீட்டினால் பெங்களூரிலிருப்பவர்களே தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இரண்டு முறை படிக்க வேண்டும். “இருக்கிற”, “எல்லாரும்” இரண்டும் எழுத்திலும் வழங்குபவை; அவற்றைச் சந்தேகப்பட வேண்டாம்.

“நன்றிகள்னு பன்மையில போடலாமா? முடிவு வரி எப்படி இருக்கணும்?”

“நன்றி” போதும். ஒருவருக்கானாலும் ஊருக்கானாலும் நன்றி ஒன்றுதான். “நன்றிகள்” இன்று பரவலாக எழுதப்படுகிறது, நான் போட மாட்டேன்.

முடிவு வரிக்கு “உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி” என்பது இந்தக் கடிதத்தின் மற்ற வரிகளோடு ஒரே உயரத்தில் நிற்கிறது. “நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்” என்றும் முடிக்கலாம். முடிவில் இரண்டு தவறுகள் அடிக்கடி எட்டிப் பார்க்கும். “நினைவு கூறுகிறோம்” என்று எழுதுவார்கள்; சரியானது “நினைவுகூர்கிறோம்”. “முயற்சித்தோம்” என்பதைவிட “முயன்றோம்” அல்லது “முயற்சி செய்தோம்” நல்ல தமிழ். பேச்சிலிருந்து உயரத் தாவும்போது வருபவை இவை. வழக்கமாகப் பேசும் சொல்லில் யாரும் இப்படித் தவறுவதில்லை.

“ஒற்று எங்கெங்க போடணும்? அதைக் கேட்டாலே தலை சுத்துது.”

முழு விதிகளும் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். மூன்றைப் பாருங்கள். “ஐ” உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று: வேலையைத் தொடங்கினோம், விளக்கைப் போட்டார். “கு” உருபுக்குப் பின்னும் அப்படியே: உங்களுக்குத் தெரியும், பள்ளிக்குக் கொடுத்தார்கள். “இ”யில் முடியும் வினையெச்சத்துக்குப் பின்: ஒழுகிப் புத்தகங்கள், வாங்கித் தந்தார்கள், பூசிக் கொடுத்தார். பேச்சைத் திருத்தும்போது புதிதாக விடுபடும் ஒற்றுகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும், ஏனென்றால் பேசும்போது நாம் இவற்றை அழுத்திச் சொல்வதில்லை. இவை தவிர “ஊர்ப் பள்ளி” ஒன்று.

“சரி, முழுசா மாத்தினா எப்படி வரும்னு காட்டுங்க.”

> அன்புடையீர்,
>
> வணக்கம். நம் ஊர்ப் பள்ளியில் நூலக அறை கட்டுவதற்கு நீங்கள் செய்த உதவியை என்றும் மறக்க மாட்டோம். சென்ற ஆண்டு மழையில் பழைய கூரை ஒழுகிப் புத்தகங்கள் எல்லாம் நனைந்துபோனது உங்களுக்குத் தெரியும். அப்போது தலைமையாசிரியர் எங்களிடம் வந்து, “பிள்ளைங்க புத்தகத்தை வெயில்ல காய வெச்சுட்டு காவல் உக்காந்திருக்காங்க” என்று சொன்னார். உடனே நீங்கள் எல்லோரும் கைகொடுத்தீர்கள். பெங்களூரில் இருக்கும் 1998 பேட்ச் நண்பர்கள் அலமாரிகள் வாங்கித் தந்தார்கள். கொத்தனார் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் பூசி முடித்துக் கொடுத்தார். இப்போது பிள்ளைகள் மதிய இடைவேளையில் அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். இன்னும் இரண்டு மின்விசிறிகள் மாட்ட வேண்டியிருக்கிறது. அதையும் விரைவில் செய்து முடிப்போம் என்று நம்புகிறோம். உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

“அன்புடையீர்” மேடைப் பக்கம் சாய்ந்த சொல்தான். ஆனால் அது கடித மரபு; விளியில் அதை யாரும் நடைக் கலப்பாகப் பார்ப்பதில்லை.

“இதே விஷயத்தை வாட்ஸ்அப் குழுவுல போடணும். அங்க முழுக்கப் பேச்சுத் தமிழ்லயே எழுதலாம்ல?”

எழுதலாம், அங்கே அதுதான் இயல்பு. ஆனால் அப்போது திருத்தம் எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும்: “நம்புகிறோம்” என்பது “நம்பறோம்”, “படிக்கிறார்கள்” என்பது “படிக்கிறாங்க”. உதாரணமாக:

> எல்லாருக்கும் வணக்கம். லைப்ரரி ரூம் வேலை முடிஞ்சிடுச்சு. நீங்க எல்லாரும் கைகொடுத்ததாலதான் இது நடந்துச்சு. பசங்க மத்தியானம் அங்கேயே உக்காந்து படிக்கிறாங்க. இன்னும் ரெண்டு ஃபேன் மாட்டணும், அதையும் சீக்கிரம் முடிச்சிடுவோம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது. “வெச்சு”, “வச்சு” இரண்டும் எழுதுகிறார்கள், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழுவில் நெல்லைக்காரர், கோவைக்காரர், சென்னைக்காரர் எல்லாரும் இருந்தால் உங்கள் ஊருக்கே உரிய முடிவுகளைக் குறைத்து, எல்லாருக்கும் பழகிய “வந்தாங்க, போனாங்க” வடிவத்தில் எழுதுவது வசதி.

“நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட பேச்சுக்கும் இதே மாதிரியோ?”

வழி அதுவே, சிக்கும் இடம் வேறு. உங்கள் பேச்சில் “நீங்கள்” ஏற்கெனவே முழுதாக இருக்கிறது; ஆனால் “செய்தனீங்கள்” வந்தால் “செய்தீர்கள்” ஆக வேண்டும். “எங்கட” என்பது “எங்கள்”. கூர்ந்து பார்க்க வேண்டியது “அவை”. “அவை வந்து உதவி செய்தவை” என்று ஆட்களைப் பற்றிச் சொல்வீர்கள். எழுத்துத் தமிழில் “அவை”யும் “செய்தவை”யும் அஃறிணைப் பன்மை. உறவினர்களுக்கு நன்றி சொல்லப் போய் அவர்களைப் பொருள்களாக்கிவிடும். இரண்டும் பார்வைக்கு எழுத்துத் தமிழ்போலவே இருப்பதால் திருத்துகிறவர் கண்ணில் படாமல் தப்பிவிடும். “அவர்கள் வந்து உதவி செய்தார்கள்” என்று மாற்றுங்கள். இறந்தவர் நினைவாக வெளியிடும் முப்பத்தோராம் நாள் மலரில் வரும் “நன்றி நவிலல்” என்ற தலைப்பை மட்டும் மாற்ற வேண்டாம். மற்ற இடத்தில் அது மேடைத் தமிழாகத் தோன்றலாம்; அங்கே அது எல்லாருக்கும் பழகிய தலைப்பு.

“கடைசியில உதவினவங்க பேர்ப் பட்டியல் வருது. சிலருக்கு ‘சார்’, சிலருக்கு ‘அண்ணன்’, சிலருக்கு ‘திரு’ன்னு போட்டிருக்கோம்.”

பட்டியலில் எல்லாருக்கும் “திரு”, “திருமதி”, “செல்வி” என்று போடலாம். அல்லது எந்த அடைமொழியும் இல்லாமல் பெயரும் ஊரும் மட்டும் போட்டு, மேலே “நன்றிக்குரியவர்கள்” என்று எழுதலாம். இரண்டாவது எளிது, யாருக்கு என்ன போடுவது என்ற மனத்தாங்கலும் வராது. “சார்”, “டீச்சர்”, “அண்ணன்” என்பவை கூப்பிடும் சொற்கள். பட்டியலில் ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவர் கேட்பார். கொத்தனாரை ஊரே “கொத்தனார்” என்று அழைத்தாலும் பட்டியலில் அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

பெயர்கள் அகர வரிசையில் வரட்டும். தொகை வரிசையில் போட வேண்டுமென்று சங்கத்தில் யாராவது சொல்வார்கள். அது நடைப் பிரச்சினை இல்லை, கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டியது.